போட்டிப் படகில் ஏன் பின்னுக்குப் பார்த்துத் துடுப்பு வலிக்கிறார்கள்? கொக்ஸ் என்ன செய்கிறார்?

"நந்திக்கடலில் சவள் வலிக்கிற எங்கட ஆக்கள் எல்லாரும் போகிற பக்கம் பார்த்துத்தான் இருக்கினம். ஒலிம்பிக்கில் காட்டுகிற அந்த நீட்டுப் படகில் மட்டும் எட்டுப் பேரும் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு வலிக்கிறது ஏன்? கடைசியில் சின்ன ஆளாக ஒருவர் இருந்து கத்துகிறாரே, படகைத் திருப்புகிறதும் தாளம் போடுகிறதும் அவர்தானா?"

சவளுக்கும் அந்தப் படகில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் முழு விடையும் இருக்கிறது. இரண்டையும் துடுப்பு என்று சொல்லிவிடுகிறோம். போதாததற்கு, துடுப்பு என்றால் எங்கள் ஊரில் முதலில் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். பழைய தமிழில் தண்டு வலித்தல் என்று ஒரு சொல் உண்டு. படகோடு பொருத்தி வலிப்பதை இங்கே தண்டு என்றே எழுதுகிறேன். கையில் மட்டும் பிடித்து வலிப்பது சவள்.

சவளைப் பிடிக்கும்போது அது வள்ளத்தில் எங்கேயும் தொடுவதில்லை. மேல்கை ஒன்று, கீழ்கை ஒன்று, அவ்வளவுதான். கீழ்கையை உங்கள் பக்கம் இழுத்தால் தண்ணீருக்குள் இருக்கும் பலகையும் உங்கள் பக்கம், அதாவது பின்னுக்கு வரும். தண்ணீர் பின்னுக்குத் தள்ளப்பட, வள்ளம் முன்னுக்குப் போகும். இழுக்கிற திசையும் பலகை போகிற திசையும் ஒன்றே. ஆகவே முன்னுக்குப் பார்த்துக்கொண்டே இழுக்கலாம்.

தண்டு அப்படியல்ல. அதன் நடுவில் ஒரு தாங்குமிடம் இருக்கிறது. படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கையின் நுனியில் ஒரு கவை, அதற்குள் தண்டு பூட்டப்பட்டிருக்கும். வீட்டில் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு கதியாலுக்கு நடுவே ஒரு நீட்டுக் கம்பை விட்டு, இந்தப் பக்கத்து நுனியை உங்கள் நெஞ்சுக்கு இழுத்துப் பாருங்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து நுனி உங்களை விட்டு விலகி எதிர்ப்பக்கம் போகும். படகிலும் இதேதான். பலகை பின்னுக்குப் போகவேண்டுமானால் கைப்பிடி முன்னுக்கு, அணியத்தை நோக்கி வரவேண்டும். கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்துத்தான் அப்படிச் செய்வது என்றால், நெஞ்சு கைப்பிடிக்கு அணியத்துப் பக்கமாக இருக்கவேண்டும். அப்போது முதுகு அணியத்துக்கும் முகம் பின்பக்கத்துக்கும் வந்துவிடும். வேறு வழியே இல்லை.

சரி, இழுக்காமல் தள்ளினால் என்ன? முன்னுக்குப் பார்த்து இருந்துகொண்டு கைப்பிடியை அப்பால் தள்ளினாலும் பலகை பின்னுக்குத்தானே போகும்? போகும். வெனிஸ் நகரத்துக் கொண்டோலாக்காரர் அப்படித்தான் நின்றுகொண்டு தள்ளுகிறார். ஆனால் அவருக்கு அவசரம் இல்லை. இரண்டு கிலோமீற்றரை ஐந்தரை, ஆறு நிமிடத்தில் முடிக்கவேண்டியவர்களுக்குத் தள்ளல் போதாது. ஏன் போதாது என்பதை முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கயிற்றைப் பிடித்தவர் கடலைப் பார்த்துக்கொண்டு, குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, அடியடியாகப் பின்னுக்கு நடப்பார். கை கயிற்றில் கொளுக்கி மாதிரித்தான் கிடக்கும், இழுப்பது தொடையும் முதுகும். அவர்கூடப் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறார்.

போட்டிப் படகில் இந்தக் காலின் பலத்தை முழுதாக எடுப்பதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. இருக்கைக்குக் கீழே சில்லு இருக்கும், அது தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். பாதம் படகோடு பூட்டிய சப்பாத்துக்குள். முழங்காலை மடக்கி, பின்பக்கம் நோக்கி உருண்டு வந்து, பலகையைத் தண்ணீரில் போட்டதும் முதலில் கால் உதைக்கும், பிறகு முதுகு திறக்கும், கடைசியில்தான் கை மடங்கும். கையாலே இழுக்கத் தொடங்குகிற புதியவருக்கு இருநூறு மீற்றரில் முன்னங்கை கல்லாகிவிடும். அதை வைத்தே ஆள் பிழையாக வலிக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ஆக, எட்டுப் பேருக்கும் போகிற திசை தெரியாது. அதனால்தான் ஒன்பதாவது ஆள். கடைசியில், பின்பக்கத்தில், எட்டுப் பேரின் முகத்தைப் பார்த்தபடி, அதாவது முன்னுக்குப் பார்த்தபடி இருப்பவர்தான் கொக்ஸ்.

அவர் சும்மா இருக்கிறார் என்பது எடையைப் பொறுத்தவரை உண்மைதான். வலிக்காத எடை எல்லாம் சுமை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் இருவர் படகு, தங்கள் கொக்ஸ் பாரம் என்று இறக்கிவிட்டு, உள்ளூர்ப் பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனை ஏற்றி வென்றது. அந்தப் பையனின் பெயர் இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. இப்போது உலகப் போட்டிகளில் அந்தத் தந்திரம் பலிக்காது: கொக்ஸ் 55 கிலோவுக்குக் குறையக்கூடாது, குறைந்தால் அந்த அளவுக்குப் பாரம் வைக்கவேண்டும். நான் பல்கலைக்கழகத்துக்காகக் கொழும்புக்குப் போனபோது 52 கிலோ. "முல்லைத்தீவுப் பொடியன், தண்ணி தெரிஞ்ச ஆள்" என்று சொல்லி ஒரு படகில் ஏற்றிவிட்டார்கள். நந்திக்கடலில் நான் மரக்கோல் பிடித்திருக்கிறேன், உண்மை. அந்த அனுபவம் அங்கே ஒரு சதத்துக்கும் உதவவில்லை.

முதலில் சுக்கானைப் பற்றி. எட்டுப் பேர் படகு 17 மீற்றருக்கு மேல் நீளம். அதன் சுக்கானை முதல்முறை கையில் எடுத்துக் காட்டியபோது பகிடி என்று நினைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தகடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய கயிறு கொக்ஸின் கைக்கு வரும். இடது கயிற்றை முன்னுக்குத் தள்ளினால் படகு ஒரு பக்கம், வலதைத் தள்ளினால் மறுபக்கம். எந்தக் கயிறு எந்தப் பக்கம் என்பது கயிறு பூட்டிய விதத்தைப் பொறுத்தது. ஆகவே கரையை விட்டு வெளிக்கிடுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஏன் இவ்வளவு சின்னது? திருப்புகிற ஒவ்வொரு கணமும் சுக்கான் பிரேக்காகவும் வேலை செய்கிறது. தகடு குறுக்கே நின்றால் தண்ணீர் அதில் மோதும், படகின் வேகம் குறையும். எட்டுப் பேர் உதைத்துச் சேர்த்த வேகத்தை இரண்டு விரலால் செலவழிக்கலாம். சுக்கானை எவ்வளவு குறைவாகத் தொடுகிறாரோ அவ்வளவு நல்ல கொக்ஸ்.

இதில் பிழைக்க எவ்வளவு இடமிருக்கிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். சர்வதேசப் போட்டியில் ஒரு படகுக்கான பாதை 13.5 மீற்றர் அகலம். இரண்டு பக்கத் தண்டுகளும் விரிந்து நிற்கும்போது படகின் அகலம் ஏறக்குறைய 7 மீற்றர். நட்டநடுவில் போனால் ஒவ்வொரு பக்கமும் 3 மீற்றர் சொச்சம்தான் மிச்சம். ஆண்களின் நல்ல எட்டுப் பேர் படகு ஒரு நொடிக்கு 6 மீற்றருக்குக் கிட்ட ஓடும். படகின் மூக்கு இரண்டே இரண்டு பாகை விலகிவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத விலகல் அது. ஆனால் 100 மீற்றர் போனதும் 3.5 மீற்றர் பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். பதினேழு நொடிக்குள் தண்டுகள் பாதையின் ஓரத்து மிதவையில் அடிபடும்.

இன்னொரு சிக்கல், சுக்கானைத் தொட்டதும் படகு திரும்புவதில்லை. ஒன்று அல்லது இரண்டு இழுப்புக்குப் பிறகுதான் மூக்கு அசைவது தெரியும். ஓர் இழுப்புக்குப் படகு பத்து மீற்றர் போகிறது என்றால், நீங்கள் இப்போது செய்வதன் பலனை இருபது மீற்றருக்கு அப்பால்தான் காண்பீர்கள். நான் முதல்நாள் விட்ட பிழை இதுதான். தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தள்ளினேன். பிறகு படகு திரும்பத் தொடங்கியது, நிற்கவே இல்லை. பயத்தில் மறுகயிற்றைத் தள்ளினேன். கரையிலிருந்து பார்த்த பயிற்றுநர் பிறகு கேட்டார், "பாம்புக்கு வழி காட்டினீரோ?" என்று. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது: படகின் மூக்கைப் பார்க்கக்கூடாது. தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ குறிவைத்து, அதிலிருந்து மூக்கு விலகத் தொடங்கியதுமே ஒரு சின்னத் தொடல். திரும்பி முடியுமுன்பே சுக்கானை நேராக்கிவிட வேண்டும், மிச்சத்தைப் படகே திரும்பிக்கொள்ளும்.

எப்போது தொடுவது என்பதும் முக்கியம். பலகைகள் தண்ணீருக்குள் இருக்கும்போது எட்டுத் தண்டும் படகை இருபுறமும் தாங்கிப் பிடிக்கின்றன. அவை வெளியே எடுக்கப்பட்டு, ஆட்கள் அடுத்த இழுப்புக்கு உருண்டு வரும் வேளையில் படகு கத்திமுனையில் நிற்பது போல. அந்த நேரத்தில் சுக்கானைத் திருப்பினால் படகு ஒரு பக்கம் சரியும். சரிந்த பக்கத்தில் உள்ளவர்களின் தண்டு தண்ணீரில் உரசும். எனவே பலகை தண்ணீரில் விழுந்த பிறகு தொட்டு, எடுக்குமுன் விடுவதுதான் நான் பழகிய முறை.

காற்று வந்தால் கதை மாறும். சோளகம் வீசுகிற நாளில் இடப்பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று என்று வைத்துக்கொள்வோம். படகின் பின்பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு சிறு செட்டை இருக்கிறது, அது பின்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிடி இல்லாத மூக்குத்தான் காற்றோடு வலப்பக்கம் ஒதுங்கும். இதற்காகச் சுக்கானை இரண்டாயிரம் மீற்றருக்கும் திருப்பியே வைத்திருந்தால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓடியது மாதிரித்தான். அதற்குப் பதிலாக வலப்பக்கத்து நாலு பேரிடம் ஐந்து இழுப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார் கொக்ஸ். வலப்பக்கம் பலமானால் மூக்கு இடப்பக்கம் வரும். சுக்கான் தொடாமலே படகு நேராகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. கொக்ஸுக்கு வலது என்பது வலிப்பவர்களுக்கு இடது, ஏனென்றால் அவர்கள் எதிர்ப்பக்கம் பார்க்கிறார்கள். "வலப்பக்கம்!" என்று கத்தினால் நாலு பேர் ஒன்றும் நாலு பேர் இன்னொன்றும் செய்வார்கள். ஆகவே படகில் இடம் வலம் என்ற சொல்லே கிடையாது. கொக்ஸின் இடப்பக்கம் ஸ்ட்ரோக் சைட், வலப்பக்கம் போ சைட். அல்லது ஆளின் இலக்கத்தைச் சொல்லவேண்டும். இலக்கம் அணியத்திலிருந்து தொடங்கும், 1 அங்கே, 8 கொக்ஸின் முழங்காலுக்கு முன்னால்.

சுக்கான் பிழைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 ஒக்ஸ்போர்ட் கேம்பிரிட்ஜ் போட்டி நல்ல உதாரணம். தேம்ஸ் நதியில் மிதவைப் பாதை இல்லை. இரண்டு படகும் நல்ல நீரோட்டத்துக்காக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போகும். அந்த ஆண்டு ஒருவர் தண்ணீரில் நீந்திக் குறுக்கே வந்ததால் போட்டி நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியது. தொடங்கிச் சற்று நேரத்தில், நடுவர் ஒக்ஸ்போர்ட் கொக்ஸை விலகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தண்டுகள் மோதின. ஒக்ஸ்போர்ட்டின் ஒரு தண்டில் பலகை முறிந்து போனது. எட்டுப் பேருக்கு ஏழு தண்டு. அதோடு போட்டி முடிந்த மாதிரித்தான், கேம்பிரிட்ஜ் வென்றது.

இனித் தாளம். உங்கள் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம்: தாளம் போடுவது கொக்ஸ் அல்ல. கொக்ஸுக்கு நேர் எதிரே இருக்கும் எட்டாம் இலக்கக்காரர்தான் போடுகிறார். அவருக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். மற்ற ஏழு பேருக்கும் அவர் முதுகுதான் முன்னால், ஏழாமவர் அவரைப் பார்த்து வலிக்க, ஆறாமவர் ஏழாமவரைப் பார்த்து வலிக்க, அப்படியே அணியம் வரை போகும். கொக்ஸ் செய்வது, எந்த வேகத்தில் வேண்டும் என்று ஸ்ட்ரோக்குக்குச் சொல்வதும், சொன்ன வேகம் கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும். கரைவலையில் அம்பா பாடுகிறவர் மாதிரி என்று நினைத்தால் பாதிதான் சரி. அங்கே குரலுக்குப் பின்னால் கயிறு வரும், இங்கே ஸ்ட்ரோக்கின் முதுகுக்குப் பின்னால்தான் குரல் வரும்.

அளப்பது எளிது. பலகை தண்ணீரில் விழும் ஒரு கணத்திலிருந்து மூன்று இழுப்பு முடிய எத்தனை நொடி என்று பார்த்து, 180ஐ அதால் பிரித்தால் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்று வந்துவிடும். மூன்று இழுப்புக்கு ஆறு நொடி என்றால் 30. இப்போது கொக்ஸுக்கு முன்னால் ஒரு கருவி இருக்கும், ஸ்ட்ரோக்கின் இருக்கைக்கு அடியில் உள்ள காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் எண்ணிக் காட்டும். அதே கருவிதான் கொக்ஸின் குரலைப் படகுக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் அனுப்புகிறது. ஆகவே அவர் கத்தத் தேவையே இல்லை. தொலைக்காட்சியில் கத்துவது உணர்ச்சியில்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் தாளம் ஆகாது. ஓர் இழுப்பில் இரண்டு பாதி உண்டு: தண்ணீரில் இழுக்கிற நேரம், வெளியே எடுத்துத் திரும்பி வருகிற நேரம். பயிற்சியில் நிமிடத்துக்கு 20 என்றால் ஓர் இழுப்புக்கு 3 நொடி. அதில் ஒரு நொடிபோல இழுப்பு, இரண்டு நொடி திரும்பி வருதல். போட்டியில் 36க்கு ஏறும்போது மொத்தமே 1.67 நொடி. அதில் இழுப்புக்கு 0.8 நொடிக்குக் கிட்டப் போகும், மிச்சம்தான் திரும்பி வர. இழுக்கிற நேரத்தில் குறைந்தது கொஞ்சம்தான். வேகம் கூடுவது பெரும்பாலும் திரும்பி வருகிற நேரத்தைச் சுருக்கித்தான். அங்கேதான் கெட்டுப்போவதும்.

ஏன் கெடும்? எட்டுப் பேரின் எடை கூட்டினால் 700 கிலோபோல வரும். படகு வெறும் 96 கிலோ. அந்த 700 கிலோவும் உருளும் இருக்கையில் பின்பக்கம் நோக்கி வரும்போது, அவர்களின் பாதம் படகை எதிர்ப்பக்கம், முன்னுக்கு இழுக்கிறது. அதனால் தண்ணீரில் ஒரு பலகையும் இல்லாத அந்த நேரத்தில்தான் படகு அதிக வேகத்தில் ஓடுகிறது. சொன்னால் நம்பமாட்டார்கள், அளந்து பார்த்தால் அப்படித்தான். ஆட்கள் அமைதியாக வந்தால் படகு அந்த ஓட்டத்தைக் காப்பாற்றும். அவசரப்பட்டு விழுந்தடித்து வந்தால், முடிவில் 700 கிலோவும் கால்மிதியில் மோதிப் படகைப் பின்னுக்கு உதைக்கும்.

இதைக் கொக்ஸ் கண்ணால் பார்ப்பதில்லை, இடுப்பால் உணர்கிறார். நல்ல தாளத்தில் முதுகு சாய்மானத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும், இருக்கைக்குக் கீழே குமிழி ஓடுகிற சத்தம் விடாமல் கேட்கும். அவசரம் வந்தால் ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் உடம்பு முன்னுக்குத் தள்ளப்பட்டு, தலை கோழி மாதிரி வெட்டும், குமிழிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். காதும் உதவும்: பலகையை எடுத்துத் திருப்பும்போது எட்டுத் தண்டும் கவைக்குள் புரண்டு "டொக்" என்று ஒரே சத்தம் வரவேண்டும். "டொ-டொக்" என்று கேட்டால் ஒருவர் பிந்துகிறார். யார் என்று பார்க்கத் தண்ணீரில் போடுகிற தண்டுகளின் வரிசையை ஓர் இழுப்புக்கு மட்டும் நோட்டமிட்டு, "மூன்று, முந்திப் போடு" என்று சொன்னால் போதும்.

எங்கள் படகில் நடந்த ஒன்று. பயிற்சிப் போட்டி, தொடக்கத்தில் 42 வரை ஏற்றியிருந்தோம். அது வழக்கம்தான், நின்ற படகைக் கிளப்பச் சின்னச் சின்ன இழுப்புகள் வேண்டும். பிறகு 36க்கு இறக்கவேண்டும். நான் "மெதுவாக" என்றேன். எண்ணிக்கை 36க்கு வந்தது, ஆனால் படகு செத்துப்போனது. காரணம், நான் சொன்ன சொல். "மெதுவாக" என்றதும் எட்டுப் பேரும் இழுப்பையும் மெதுவாக்கினார்கள். சொல்லியிருக்கவேண்டியது: "உதை அப்படியே, வருவது மட்டும் ஆறுதலாக, இரண்டு இழுப்பில்." எப்போது என்று முன்கூட்டியே சொல்லி, "இந்த இழுப்பு, அடுத்த இழுப்பு, இப்போது" என்று எண்ணி மாற்றவேண்டும். திடீரென்று சொன்னால் ஸ்ட்ரோக் மாறுவார், அணியத்தில் இருப்பவர் ஓர் இழுப்புப் பிந்தி மாறுவார். அதற்குள் தாளம் சிதறிவிடும்.

அப்படிச் சிதறுகிற நேரத்தில்தான் நண்டு பிடிப்பது. ஆங்கிலத்திலும் இதற்கு நண்டுதான் பெயர், எங்கள் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிக்க வசதியாக. பலகை தண்ணீரில் சரிந்த கோணத்தில் மாட்டிக்கொண்டால் ஓடுகிற படகு அதை ஆழத்துக்கு இழுக்கும், கைப்பிடி வலிப்பவரின் நெஞ்சிலோ வயிற்றிலோ வந்து குத்தும். சில வேளை ஆளையே தூக்கி எறியும். கொக்ஸ் உடனே "நிறுத்து" என்றால் மற்ற ஏழு பேரும் நிற்பார்கள், கைப்பிடியை விடுவிக்க நேரம் கிடைக்கும். போட்டியில் சின்ன நண்டென்றால் நிறுத்தாமல், தண்டைத் தலைக்கு மேல் விட்டு மீட்டு இரண்டு மூன்று இழுப்பில் சேரச் சொல்வார்கள்.

கொக்ஸே இல்லாத நால்வர் படகும் உண்டு. 1868இல் இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில் ஓர் அணி, புறப்பட்டவுடன் தங்கள் கொக்ஸைத் தண்ணீரில் குதிக்கவைத்துவிட்டு வலித்தது. முதலில் வந்தும் தகுதி இழந்தது. இப்போது அந்த வகைக்குத் தனிப் போட்டியே இருக்கிறது. அதில் ஒருவரின் வலது அல்லது இடது சப்பாத்து கால்மிதியில் சுழலும்படி பூட்டியிருக்கும், அதிலிருந்து கம்பி சுக்கானுக்குப் போகும். உதைத்துக்கொண்டே பாதத்தை விரல்பக்கம் கொஞ்சம் திருப்பிச் சுக்கான் பிடிக்கிறார். அவருக்கும் முகம் பின்னுக்குத்தான். சில இழுப்புக்கு ஒருமுறை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொள்வார்.